இரு அரபுச் சொற்றொடர்களும் மொழிபெயர்ப்பாளன் கடமையும்

மொழிபெயர்ப்பாளன் ஒருவனது ஆற்றலை அளந்தறிய விரும்புவோர், அவன் பெயர்த்த நீண்ட வருணனைகளையும் ஆழ்ந்த தத்துவ வாக்கியங்களையும் எடுத்து நோக்குவதே வழக்கம். உரையாடலின் இடையிடையே நூறு முறை வந்துபோகும் சிறு சொற்றொடரொன்றை அவன் எவ்வாறு கையாண்டான் என ஆராய்வோர் மிகச் சிலரேயாவர். ஆயினும், வருணனையிற் சறுக்கியவனை வாசகன் எளிதில் மன்னித்து விடுவான். உரையாடலிற் சறுக்கியவனோ கதைமாந்தரின் குணத்தையே மாற்றி விடுகின்றான். 'இன்ஷா அல்லாஹ்', 'மாஷா அல்லாஹ்' என்னும் இரண்டு அரபுச் சொற்றொடர்கள் இத்தகைய சறுக்கலுக்கு ஏற்ற வழுக்கு நிலங்கள். அவற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் எவ்வாறு பெயர்த்தல் தகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் வாழும் நகரமே பொருத்தமான களம். வெள்ளவத்தையிலிருந்து தெகிவளை வழியாகக் கல்கிசை வரை காலி வீதியோரமாக நடந்து செல்வோன் ஒருவன், இந்துக்களின் தமிழையும் முஸ்லிம்களின் தமிழையும் கிறித்தவர்களின் தமிழையும் அடுத்தடுத்த கடைகளிற் கேட்கலாம். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகப் பலர் கொள்ளும் 'அசன்பேயுடைய கதை' என்னும் நூலை, சித்திலெவ்வை அவர்கள் எகிப்து நாட்டிற் பிறந்தவனொருவனைத் தலைவனாக வைத்து 1885ஆம் ஆண்டில் இயற்றினார். எனவே, அரபு உலகத்து மாந்தரைத் தமிழிற் பேசவைத்தல் எவ்வாறு என்னும் வினா ஈழநாட்டுத் தமிழுரைநடைக்குப் புதியதன்று. அதனுடன் பிறந்த வினா எனலாம்.

முதற்கண், இவ்விரு தொடர்களின் யாப்பை அறிதல் வேண்டும். 'இன்' என்பது 'ஆயின்' என்னும் பொருளைத் தரும் இடைச்சொல். 'ஷா' என்பது 'நாடினான்' எனப் பொருள்படும் வினை. மூன்றாவது இறைவன் பெயர். வினை வடிவால் இறந்தகாலத்ததாயினும், 'இன்' என்பதனோடு சேர்ந்தமையால் எதிர்காலப் பொருளைத் தந்து நிற்கும். 'இறைவன் நாடினால்' என்பதே முழுப்பொருள். மற்றைய தொடரில் வரும் 'மா' என்பது நிபந்தனைச் சொல்லன்று. 'எது' என்னும் பொருளது. ஆகவே 'மாஷா அல்லாஹ்' என்பதற்கு 'இறைவன் நாடியது' என்றே பொருள் கொள்ளல் வேண்டும். முன்னது இன்னும் நிகழாததைக் குறித்து வரும்; பின்னது கண்முன்னே நிகழ்ந்து நிற்பதைக் குறித்து வரும். ஒலியால் இரட்டையர் போலத் தோன்றும் இவ்விரண்டையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பெயர்ப்போர், நாளையையும் இன்றையையும் இடமாற்றி விடுகின்றனர்.

இவ்விரண்டிற்கும் வேர் ஒரே இடத்தில் உண்டு. குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயம் 'குகை' எனப் பெயர் பெறும். நாளை இதனைச் செய்வேன் என்று இறைவன் நாட்டத்தைச் சேர்க்காமற் கூறலாகாது என்னும் விதி அவ்வத்தியாயத்தின் 23ஆம் 24ஆம் வசனங்களில் வருகின்றது. அதே அத்தியாயத்தில், தன் தோட்டம் என்றும் அழியாது எனச் செருக்குற்ற செல்வனொருவனின் வரலாறும் கூறப்படுகின்றது. தோட்டத்துட் புகுந்தபொழுது 'இறைவன் நாடியது' என்று நீ சொல்லியிருக்கலாகாதா எனத் தோழன் அவனைக் கேட்பது 39ஆம் வசனத்தில். எதிர்காலம் நம் கையிலில்லை என்பதை முதற்றொடரும், கைவசமுள்ள செல்வமும் நமதன்று என்பதை இரண்டாந்தொடரும் உணர்த்துகின்றன. இது வேர்ப்பொருள். ஆனால் அங்காடியிலும் அடுக்களையிலும் வழங்கும் சொற்கள் வேரோடு மட்டும் நின்று விடுவதில்லை. சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் எனத் தொல்காப்பியர் வகுத்தமை ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

'இன்ஷா அல்லாஹ்' என்பது வழக்கில் மூன்று தொழில்களைச் செய்கின்றது. உறுதி கூறுவோன் தன் உறுதியை அடக்கத்தோடு முத்திரையிடுவது ஒன்று. தன் கையில் இல்லாத நன்மையொன்றை விரும்புவோன் அவ்விருப்பத்தை வெளியிடுவது மற்றொன்று. மறுக்க விரும்புவோன், கேட்டவர் மனம் நோகாதபடி மறுப்பை மறைத்து வைப்பது மூன்றாவது. இம்மூன்றனுள் எது ஓரிடத்தில் வந்துளது என்பதை அத்தொடர் தானே சொல்லாது. அதனைச் சூழ்ந்து நிற்கும் சொற்களே சொல்லும்.

எடுத்துக்காட்டாகக் கதையொன்றில் வரும் உரையாடலைக் கற்பனை செய்து கொள்வோம். வெள்ளவத்தையிற் புடைவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வர்த்தகர் ஒருவரை அயல்வீட்டு ஆசிரியர் தம் மகளின் திருமணத்துக்கு அழைக்கின்றார்.

"நானா, வாற ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கலியாணம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

இதற்கு வர்த்தகர், "வாரேன் மாஸ்டர், இன்ஷா அல்லாஹ். வீட்டில உள்ளவங்களையும் கூட்டிக்கிட்டு ஒன்பது மணிக்கே வந்துருவேன்" என்று விடையிறுப்பாராயின், அவர் வருவார் என்பதில் ஐயமில்லை. வினைச்சொல் இருக்கின்றது, நேரம் குறிக்கப்பட்டுளது, உடன் வருவோரும் சொல்லப்பட்டனர். அரபுத் தொடர் அவ்வுறுதியைத் தளர்த்தவில்லை. அதற்கு மேலே இட்ட முத்திரையாகவே அமைந்தது. இனி, அதே அழைப்புக்கு அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "இன்ஷா அல்லாஹ், மாஸ்டர்" என்று மட்டும் கூறுவாராயின், ஆசிரியர் மணப்பந்தலில் அவருக்கென நாற்காலி ஒதுக்க வேண்டியதில்லை. வினை இல்லை, நேரமில்லை, தொடர் தனித்து நிற்கின்றது. இவ்வாறு தனித்து நிற்பது எல்லா இடத்தும் மறுப்பேயாகும் என்று கொள்ளலாகாது. நோயாளியின் நலம் பற்றிய பேச்சில் அது தனித்து நிற்பின் விருப்பமாகவும் இருக்கலாம். ஆயினும், அழைப்புக்கும் வேண்டுகோளுக்கும் விடையாக அது தனித்து வரும்போது, மொழிபெயர்ப்பாளன் சற்றே நின்று, கேட்டவர் அடுத்து யாது செய்கின்றார் என்று பார்த்தல் வேண்டும். அவர் மீண்டும் வற்புறுத்துகின்றாரா? பேச்சை மாற்றுகின்றாரா? கேட்டவரின் செயலே சொன்னவரின் கருத்துக்கு உரை.

இனி, இவ்விரண்டு விடைகளையும் ஆங்கிலத்திற் பெயர்ப்போன் செய்யத்தக்கது யாது? ஆங்கிலத்தில் 'காட் வில்லிங்' என்னும் தொடர் உண்டு. முற்கால ஆங்கிலேயர் தம் கடிதங்களில் 'டியோ வொலெந்தே' என்னும் இலத்தீன் தொடரை 'டி. வி.' என இரண்டெழுத்தாற் சுருக்கி எழுதினர். ஆகவே கருத்து அம்மொழிக்கு அந்நியமன்று. ஆனால் இன்றைய ஆங்கிலேயன் நாளொன்றுக்கு இருபது முறை 'காட் வில்லிங்' என்று சொல்வதில்லை. மூலத்தில் வருந்தோறும் அதனை அவ்வாறே பெயர்ப்போமாயின், மூலத்திற் சாதாரண வணிகராக இருப்பவர் மொழிபெயர்ப்பில் மதபோதகராகி விடுவார். அரபு மொழியிலும் முஸ்லிம் தமிழிலும் அத்தொடர் மூச்சுப்போல வழங்குவது. ஆங்கிலத்தில் அது பிரசங்கம்போல ஒலிப்பது. பொருள் சரியாயிருக்கும், எடை பிழைத்து விடும்.

இதனை உணர்ந்த சிலர், அரபுத் தொடரை ஆங்கிலத்தில் அப்படியே விட்டு விடுகின்றனர். ஜேம்ஸ் மோரியர் என்னும் ஆங்கிலேயர் 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இஸ்பஹானின் ஹாஜி பாபா' என்னும் பாரசீகக் கதையில் இத்தகைய தொடர்களைத் தாராளமாகத் தூவினார். அங்கே அவை பேச்சின் இயல்பைக் காட்டுவதினும் கீழைத்தேயத்தாரை நகைப்புக்குரியோராகக் காட்டுதற்கே பெரிதும் பயன்பட்டன. எனினும், அன்று அந்நியமாயிருந்த அச்சொல் இன்று ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுளது. 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி அமெரிக்கச் சனாதிபதித் தேர்தல் விவாதத்தில், தம் வருமானவரிப் பத்திரங்களை மக்கள் பார்க்கத்தான் போகின்றனர் என்று திரு. டிரம்ப் கூறியபொழுது, எப்பொழுது என வினவிய திரு. பைடன் அவ்வினாவுடன் 'இன்ஷா அல்லாஹ்' என்பதையும் சேர்த்துக்கொண்டார். அங்கே பக்தியில்லை, 'அந்த நாள் வரப்போவதில்லை' என்னும் ஏளனமே உண்டு. அச்செய்தியைத் தமிழில் எழுதுவோன் 'இறைவன் நாடினால்' எனப் பெயர்ப்பானாயின், ஏளனம் செய்தவரை இறைபக்தராக்கி விடுவான். தொடரை அப்படியே வைத்தால், முஸ்லிம் அயலவருடன் பழகிய தமிழ் வாசகன் அதன் குறும்பை உடனே உணர்வான்.

ஆகவே ஆங்கிலத்திற் பெயர்ப்போனுக்கு ஒரே விதி போதாது. வர்த்தகரின் முதல் விடையில் அரபுத் தொடரை அப்படியே வைக்கலாம்; அடுத்த வாக்கியத்தில் நேரமும் உடன் வருவோரும் கூறப்படுவதனால், அத்தொடரை அறியாத வாசகனும் உறுதியைப் புரிந்து கொள்வான். இரண்டாம் விடையில், அரபுத் தொடரை வைத்தால் மட்டும் போதாது. கணக்குப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிராத அச்செயலை மொழிபெயர்ப்பாளன் எக்காரணங்கொண்டும் விட்டு விடலாகாது. ஏனெனில், மறுப்பு அங்கேதான் இருக்கின்றது. மூலத்தில் அத்தகைய செயல் எதுவும் இல்லையாயின், 'வீ ஷல் சீ' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரே நேர்மையான பெயர்ப்பாகும். அதனால் இறைவன் பெயர் மறைந்து விடுமே எனின், மறையும். ஆனால் மனிதன் மறையமாட்டான்.

இனித் தமிழுக்கு வருவோம். இங்கே நிலைமை முற்றிலும் வேறு. ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வரும் விருந்தாளியாகிய இத்தொடர், தமிழுக்கு வீட்டினுள்ளே வாழ்வது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் பன்னூறாண்டுகளாக எச்சொல்லைப் பெயர்ப்பது, எச்சொல்லைப் பெயர்க்காது விடுவது என்று தாமே ஒரு தீர்ப்பை வழங்கியுள்ளனர். அத்தீர்ப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 'ஸலாத்' என்பதை அவர்கள் 'தொழுகை' என்றனர். 'ஸவ்ம்' என்பதை 'நோன்பு' என்றனர். 'மஸ்ஜித்' என்பதற்கு, ஒரு காலத்தில் சமண பௌத்த உறைவிடங்களைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லை எடுத்துப் 'பள்ளிவாசல்' என்றனர். 'ஈத்' பெருநாளாயிற்று. சமயத்தின் தூண்களாகிய பெயர்ச்சொற்கள் பலவற்றை அச்சமின்றித் தமிழாக்கிய அதே மக்கள், 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்னும் முகமனையும், 'இன்ஷா அல்லாஹ்', 'மாஷா அல்லாஹ்', 'அல்ஹம்துலில்லாஹ்' என்னும் தொடர்களையும் பேச்சில் அரபாகவே வைத்துக் கொண்டனர்.

காரணம் யாது? தொழுகை என்பது ஒரு செயலைக் குறிக்கும் பெயர். பெயர் மாறினும் செயல் மாறாது. ஆனால் 'இன்ஷா அல்லாஹ்' என்பது ஒன்றைக் குறிக்கும் சொல்லன்று; சொல்லுதலே அங்கே செயலாகும். தமிழ் முஸ்லிம் ஒருவர் மேடையில் விளக்கவுரை நிகழ்த்தும்பொழுது 'அல்லாஹ் நாடினால்' எனத் தமிழிற் கூறுவார். கடை வாயிலில் விடைபெறும்பொழுது 'இன்ஷா அல்லாஹ்' என்பார். முன்னது பொருள் கூறல். பின்னது செயல் புரிதல். இவ்வேறுபாட்டை அறியாது, தமிழ் முஸ்லிம் பாத்திரத்தின் கடைவாயிற் பேச்சில் 'இறைவன் நாடினால் வருவேன்' என எழுதுவோன், தூய தமிழ் எழுதியதாகக் கருதலாம். உண்மையில் அவன் வர்த்தகரைக் கடையிலிருந்து இறக்கி மேடையில் ஏற்றி விட்டான். ஆதலின், தமிழிற் பெயர்க்கும்போது இத்தொடரை அரபாகவே விடுதல் அந்நியத்தைப் புகுத்துவதன்று. தமிழின் ஒரு கிளைவழக்கை மதிப்பதேயாகும்.

இங்கே இந்துவாகிய மொழிபெயர்ப்பாளனுக்கு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. நம் வழக்கில் இறைவனை முன்னிட்டுக் கூறும் உறுதிமொழி பெரும்பாலும் மூன்றாம் வேற்றுமையில் அமையும். 'முருகன் அருளால் எல்லாம் நன்றாக முடியும்', 'பிள்ளையார் கிருபையால் வந்து சேருவோம்' என்கின்றோம். அருள் ஏற்கெனவே உண்டு எனக் கொண்டு, அதனைக் கருவியாக்கி நம்பிக்கையோடு பேசுவது இது. 'நாடினால்' என்பதோ நிபந்தனை எச்சம். 'அருளால்' என்பதிலும் 'நாடினால்' என்பதிலும் ஈற்றில் ஒலிப்பது 'ஆல்' என்பதே. ஆயினும் முன்னது உறுதியின் ஒலி, பின்னது நம் செவிக்கு ஐயத்தின் ஒலி. 'அவர் நாடினால் வருவார்' என்று ஒருவனைப் பற்றிக் கூறினால், வராமலும் இருக்கலாம் என்றே நாம் கொள்கின்றோம். ஆனால் முஸ்லிம் ஒருவர் உறுதியோடு சொல்லும் 'இன்ஷா அல்லாஹ்' என்பதில் அவ்வையம் இல்லை. தன் ஆற்றலின் எல்லையை ஒப்புக் கொள்ளலே உண்டு. ஆகவே, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உறுதி ஐயமாகும். 'இறைவன் அருளால்' எனப் பெயர்த்தால் உறுதி காக்கப்படும், ஆனால் இன்னும் பெறாத நன்மையைப் பெற்றதாகக் கூறும் வேறொரு மனநிலை புகுந்து விடும். இரண்டிற்கும் நடுவே செல்ல வழியின்மையே, தொடரை அப்படியே வைத்தற்கு மற்றொரு காரணம்.

இதற்குச் சான்றாக, அரபு நாடெங்கும் வழங்கும் ஜுஹாவின் கதையொன்றை எடுத்து ஆராய்வோம். துருக்கியில் நஸ்ருத்தீன் ஹோஜா என்றும் நம்மிடையே முல்லா நஸ்ருத்தீன் என்றும் பெயர்பெற்ற விகடகவிக்கு நிகரானவன் இந்த ஜுஹா. கழுதையொன்று வாங்கச் சந்தைக்குப் புறப்பட்ட அவனை வழியிற் கண்ட ஒருவர், எங்கே போகின்றாய் என்று கேட்கின்றார். சந்தையிற் கழுதை வாங்கப் போகின்றேன் என்கின்றான் ஜுஹா. 'இன்ஷா அல்லாஹ் என்று சொல்' என அறிவுறுத்துகின்றார் அவர். பணம் என் சட்டைப்பையில் உண்டு, கழுதை சந்தையில் உண்டு, இதில் 'இன்ஷா அல்லாஹ்' எதற்கு என்கின்றான் அவன். சந்தைக் கூட்டத்திற் பணம் களவு போகின்றது. வெறுங்கையோடு மீண்டவனை அதே மனிதர் கண்டு, என்ன நடந்தது எனக் கேட்க, ஜுஹா விடையளிக்கின்றான்: "பணம் களவு போய்விட்டது, இன்ஷா அல்லாஹ்!"

இக்கதையின் நகைச்சுவை இலக்கணத்தில் இருக்கின்றது. எதிர்காலத்துக்கே உரிய தொடரை, சூடுபட்டவன் இறந்தகாலத்தின் பின்னாலும் கட்டிவிடுகின்றான். இதனை முழுமையாகத் தமிழாக்கினால் யாது விளையும்? நிபந்தனை எச்சம் தமிழில் வினைமுற்றுக்கு முன்னே வருவதே இயல்பு. 'இறைவன் நாடினால் பணம் களவு போய்விட்டது' என்பது நகைச்சுவையாகாது; வழுவுடைய வாக்கியமாகவே தோன்றும். வாசகன் ஜுஹாவை நோக்கிச் சிரியான். மொழிபெயர்ப்பாளனின் இலக்கண அறிவையே ஐயுறுவான். 'இறைவன் நாட்டப்படி பணம் களவு போய்விட்டது' எனத் திருத்தினாலோ, வாக்கியம் சரியாகும். ஜுஹா பேதையாயிராது ஞானியாகி விடுவான். கதை இறந்து விடும். அரபுத் தொடரை ஈற்றில் அப்படியே வைத்தால் மட்டுமே, சொல்லத் தவறிய இடத்திற் சொல்லாமல், சொல்லத் தகாத இடத்திற் சொல்லும் அவனது பதற்றம் வெளிப்படும். ஆங்கிலத்தில் 'காட் வில்லிங்' என்பது வாக்கிய ஈற்றில் நிற்கக் கூடியதாகையால் அங்கே நகைச்சுவை ஓரளவு பிழைத்துக் கொள்ளும். ஒரே கதையில் ஒரே சொல்லுக்கு, ஆங்கிலத்தில் ஏற்பது தமிழில் ஏலாமற் போதலை இது தெளிவாகக் காட்டும்.

அங்ஙனமாயின், தமிழில் எவ்விடத்தும் அரபுத் தொடரையே வைத்து விடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. அரபு மொழியில் 'அல்லாஹ்' என்பது இறைவனைக் குறிக்கும் பொதுச்சொல். அரபு மொழி பேசும் கிறித்தவர்களும் இறைவனை அப்பெயராலேயே அழைக்கின்றனர். 'இன்ஷா அல்லாஹ்' என்றும் இயல்பாகக் கூறுகின்றனர். தமிழிலோ அச்சொல் முஸ்லிம் ஒருவரின் அடையாளமாக நிலைபெற்று விட்டது. அலா அல்-அஸ்வானியின் 'யாகூபியன் கட்டடம்' (2002) என்னும் எகிப்திய நாவலிற் சட்டை தைக்கும் தொழிலாளியாகிய மலாக் என்பான் கொப்திக் கிறித்தவன். இத்தகைய ஒருவன் வாயில் அத்தொடர் வருமிடத்து, தமிழில் அதனை அப்படியே வைத்தால், நம் வாசகன் அவனை முஸ்லிமாகவே கருதுவான்; அடுத்த பக்கத்தில் அவனது மதம் தெரியவரும்போது குழம்புவான். அரபு வாசகனுக்கு அங்கே எக்குழப்பமும் இல்லை. ஆகவே அத்தகைய இடத்தில் 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என, கொட்டாஞ்சேனைக் கிறித்தவர் ஒருவர் கூறுமாறு பெயர்த்தலே உண்மைக்கு அணித்தாகும். ஆனால் ஒரு நாவலில் முஸ்லிமுக்கு அரபுத் தொடரையும் கிறித்தவனுக்குத் தமிழ்த் தொடரையும் கொடுத்தால், எகிப்தில் இருவரும் ஒரே சொல்லைப் பேசி ஒன்றாக வாழ்ந்தமை மறைந்து விடுகின்றது. இவ்விழப்பு தவிர்க்க முடியாதது. நூலின் முகவுரையில் இரண்டு வாக்கியங்களால் இதனைச் சொல்லிவிடுவதே மொழிபெயர்ப்பாளனின் நேர்மை.

இனி 'மாஷா அல்லாஹ்' என்பதனை நோக்குவோம். இதனைப் பெயர்ப்போர் பலரும் செய்யும் பிழை, இதனை வியப்புச் சொல்லாகக் கொள்வதே. அழகிய குழந்தையைக் கண்ட விருந்தினர் ஒருவர் 'மாஷா அல்லாஹ்' என்கின்றார். பெயர்ப்பாளன் 'ஆகா, என்ன அழகான பிள்ளை!' என எழுதுகின்றான். வியப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தொடர் சொல்லப்படுவது, வெறும் வியப்பினால் விளையக்கூடிய தீங்கைத் தடுப்பதற்கு. எகிப்தியரின் வாழ்க்கை முறைகளைப் பற்றி எட்வர்ட் லேன் என்பார் 1836ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறர் பொருளையோ பிள்ளையையோ 'எத்துணை அழகு' என்று வாய்விட்டுப் புகழ்தல் அந்நாட்டிற் பண்பற்ற செயலாகக் கருதப்படுவதையும், அவ்விடத்து 'மாஷா அல்லாஹ்' என்பதே ஏற்ற சொல்லாதலையும் எடுத்துக் காட்டினார்.

இதனைத் தமிழ் வாசகனுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கண்ணூறும் நாவூறும் நம் தாய்மாருக்குத் தெரியாதன அல்ல. கன்னத்தில் மைப்பொட்டு இடுவதும், மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிற் போடுவதும், பிள்ளையைப் புகழ்ந்தவர் வீடு நீங்கியதும் தாய் முகஞ்சுளிப்பதும் நாம் அறிந்தவையே. ஆகவே, 'என்ன அழகான பிள்ளை!' என்னும் பெயர்ப்பு வெறும் குறைபாடுடைய பெயர்ப்பன்று. மூலத்திற்கு நேர் மாறானது. எச்சொல்லைச் சொல்லாமற் காப்பதற்காக விருந்தினர் 'மாஷா அல்லாஹ்' என்றாரோ, அச்சொல்லையே பெயர்ப்பாளன் அவர் வாயில் வைத்து விட்டான். கதையில் அடுத்த வரியில் தாய் முகமலர்ந்து தேநீர் கொண்டுவரச் செல்வாளாயின், தமிழ் வாசகனுக்கு அம்மலர்ச்சி விளங்காது. அவள் அஞ்சவன்றோ வேண்டும் என எண்ணுவான். மேலும், விருந்தினர் அத்தொடரைச் சொல்ல மறந்து வெறுமனே புகழ, 'மாஷா அல்லாஹ் என்று சொல்லுங்கள்' எனத் தாய் பதறும் காட்சி வருமாயின், வியப்புச் சொல்லாகப் பெயர்த்தவன் அங்கே செய்வதறியாது திகைப்பான்.

இப்பிழை நேர்ந்துளதா என அறிய எளிய சோதனையொன்று உண்டு. பெயர்த்த சொல்லைக் கேட்ட தாய் ஆறுதல் அடைவாளா, அச்சமடைவாளா என்று மொழிபெயர்ப்பாளன் தன்னையே கேட்டல் வேண்டும். தமிழில், முஸ்லிம் பாத்திரமாயின் தொடரை அப்படியே வைத்தல் நன்று. பிறராயின் 'கடவுள் தந்த பிள்ளை' எனலாம். இது மூலத்தின் பொருளுக்கும் தொழிலுக்கும் ஒருங்கே அணித்தாக நிற்பது. 'கண்படாமல் இருக்கட்டும்' என்பது தொழிலைக் காக்கும். ஆயினும் மூலத்திற் பேசப்படாது மறைந்து நின்ற தீக்கண்ணை வெளிப்படையாகப் பெயர் சொல்லி அழைத்து விடும். ஆங்கிலத்திற் சிலர் 'டச் வுட்' என்னும் தொடரைப் பரிந்துரைப்பர். தீங்கு வாராது காத்தற்கு மரத்தைத் தொடும் வழக்கம் அது. தொழில் ஒத்ததுதான், ஆனால் எல்லாம் இறைவனுடையது என அறிக்கையிடுவதற்காக எழுந்த சொல்லின் இடத்தில், இறைவனை நீக்கி மரத்துண்டை வைப்பது எவ்வளவு பொருந்தும்? 'காட் ப்ளெஸ் ஹிம்' என்பதே அதனினும் ஏற்றது. இது வாழ்த்தாகவும் அமையும். பொறாமையில்லை என்பதையும் உணர்த்தும்.

ஈற்றில், அடிக்குறிப்பைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். இத்தகைய தொடர்களை அப்படியே வைத்து, பக்கத்தின் அடியில் 'இறைவன் நாடினால் என்பது பொருள்' எனக் குறிப்பெழுதி விட்டால் கடமை முடிந்தது எனக் கருதுவோர் உளர். மேலே கண்டவற்றால் அக்குறிப்பின் பயன் எவ்வளவு சிறிது என்பது புலனாகும். புடைவைக் கடை வர்த்தகரின் இரு விடைகளுக்கும் அக்குறிப்பு ஒன்றே. வருவாரா மாட்டாரா என்பதை அது சொல்லாது. அகராதிப் பொருளை அடிக்குறிப்புத் தரலாம். அழைத்தவர் நாற்காலி ஒதுக்குவதா என்பதை உரையாடல்தான் தரவேண்டும்.

ஆகவே இச்சொற்றொடர்களைக் கையாள்வோன் முதலில் மூன்று வினாக்களுக்கு விடை காண்டல் தகும். சொல்வோன் யார்? அவன் இதனைச் சொல்வதாற் செய்வது யாது? எம்மொழியில், எவ்வயலவர் செவிக்கு இதனைப் பெயர்க்கின்றோம்? ஆங்கிலத்திற் பெயர்ப்போன் சில இடங்களில் இறைவன் பெயரை விட்டுக் கொடுத்தாவது மனிதனைக் காத்துக் கொள்ளல் வேண்டியிருக்கும். தமிழிற் பெயர்ப்போனுக்கோ அவ்வளவு இடர் இல்லை. அவனுடைய அயல்வீட்டார் அவ்விடரைப் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்த்து வைத்துள்ளனர். காலி வீதியில் நாள்தோறும் கேட்கும் அவர்களின் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்பானாயின், எவ்விடத்துத் தொடரை வைப்பது, எவ்விடத்து நீக்குவது என்பதை எந்த அகராதியினும் தெளிவாக அவன் கற்றுக் கொள்வான்.